அமரர் என்றால் செத்தவர்

உயிரோடு நடமாடும் ஒரு பெரியவரை மேடையில் "அமரர்" என்று அழைத்துப் பாருங்கள். சொல்லின் பொருளை வைத்துப் பார்த்தால் அதைவிடப் பெரிய வாழ்த்து கிடையாது. அமரர் என்றால் சாவே இல்லாதவர். "அடக்கம் அமரருள் உய்க்கும்" என்று குறள் சொல்லும்போது அமரர் தேவர்கள்தான். ஆனால் இன்று அந்த மேடையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெரியவரின் மகன் மைக்கைப் பிடுங்கிவிடுவார். சாவில்லாதவரைக் குறித்த சொல் செத்தவரைக் குறிக்கும் சொல்லாக முழுசாகப் புரண்டுவிட்டது. பிணம் ஏற்றும் வண்டிக்கும் அமரர் ஊர்தி என்றுதான் பெயர்.

நான் சில வருஷம் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தேன். சாவுச் செய்தியோடு வருகிறவர்களிடம் விவரம் கேட்டு எழுதி, கட்டம் கட்டி அச்சுக்கு அனுப்புவது என் பொறுப்பு. அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு அழுது வீங்கிய முகத்தோடு நிற்பவரிடம், "காலமானார்னு போடட்டுங்களா, இறைவனடி சேர்ந்தார்னு போடட்டுங்களா?" என்று கேட்க வேண்டியிருக்கும். சைவக் குடும்பம் சிவலோக பதவி என்பார்கள், வைணவர்கள் வைகுண்ட பதவி. கிறிஸ்தவர்கள் கர்த்தருக்குள் நித்திரை. கறுப்புச் சட்டைக்காரர்கள் எந்த லோகமும் வேண்டாம், இயற்கை எய்தினார் என்று போடு என்பார்கள். செத்தார் என்று போடச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. இதில் வேடிக்கை, எங்கள் பிரிவுக்குள் நாங்கள் பேசிக்கொண்ட விதம். "இன்னைக்கு எத்தனை காலமானார்?" "நாலு காலமானார், ரெண்டு கண்ணீர் அஞ்சலி." மரியாதைக்காகப் பிறந்த வினைச்சொல் எங்கள் மேசையில் எண்ணிக்கைக்கு உட்பட்ட சரக்காகிவிட்டிருந்தது.

சாவுக்கும் உடம்பின் கழிவுகளுக்கும் நாம் வைக்கும் நாகரிகமான பெயர்கள் ஏன் நிலைப்பதில்லை? ஒன்றை வைக்கிறோம், கொஞ்ச காலத்தில் அதுவும் கூசுகிறது, இன்னொன்றைத் தேடுகிறோம். மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் 1994இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். ஜிம்மில் இருக்கும் ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டே இருந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம் அல்லவா, அதுபோல என்றார். கூச்சம் பொருளின் மேல் இருக்கிறது, சொல்லை மாற்றினால் அது புதுச் சொல்லுக்கு ஏறிக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். சரிதான். ஆனால் அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. சில சொற்கள் இருபது வருஷத்தில் அழுக்காகின்றன, சில பல நூற்றாண்டு தாக்குப்பிடிக்கின்றன. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

தமிழில் இதை ஆராய வசதி அதிகம், ஏனென்றால் நம் இலக்கணக்காரர்கள் இதைத் தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலத்தை மங்கலமாக மாற்றிச் சொல்வது மங்கலம். நன்னூல் இந்த இரண்டையும் குழூஉக்குறியோடு சேர்த்துத் தகுதி வழக்கு என்கிறது. பள்ளியில் எல்லோரும் படித்ததுதான்: கால் கழுவி வந்தான், துஞ்சினார். இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் துஞ்சினார். துஞ்சுதல் என்றால் தூங்குதல். "துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்" என்று குறளில் வரும்போது அது தூக்கம்தான், சாவு பக்கத்தில் தனியாக 'செத்தார்' என்று நிற்கிறது. அதே சமயம் புறநானூற்றில் ஒரு பாண்டியனுக்குச் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்றும், ஒரு சோழனுக்குக் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்றும் பெயர் வழங்குகிறது. அவர்கள் அங்கே படுத்துத் தூங்கவில்லை, அங்கே செத்தார்கள். ராஜராஜனின் அப்பா சுந்தர சோழனைக் கல்வெட்டுகள் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்கின்றன. நூற்றாண்டுகளாக ராஜாக்களின் சாவைச் சொல்லிச் சொல்லி அந்த வினை என்ன ஆனது? இன்று குழந்தை தொட்டிலில் துஞ்சுகிறது என்று யாராவது சொல்வார்களா? தூக்கத்துக்கு உறங்கு, தூங்கு என்று வேறு சொற்கள் வந்துவிட்டன. துஞ்சு என்பது சாவுக்கும் பேச்சில் உதவாமல், தூக்கத்துக்கும் உதவாமல், தேர்வுத்தாளில் மட்டும் வாழ்கிறது.

'இறந்தார்' கதை இதைவிட நுட்பமானது. இற என்றால் கட, தாண்டிப் போ என்று பொருள். இலக்கணத்தில் இறந்த காலம் என்கிறோமே, அதில் சாவே இல்லை, கடந்துபோன காலம் என்பதுதான் அர்த்தம். ஆகவே இறந்தார் என்பதும் ஒரு காலத்தில் இன்றைய "போயிட்டார்" போல மறைத்துச் சொன்ன சொல்லாகவே இருந்திருக்க வேண்டும். அந்த இரண்டு பொருளும் உயிரோடிருந்த நேரத்தைக் குறளே படம் பிடித்து வைத்திருக்கிறது. "இறந்தார் இறந்தார் அனையர்" என்று 310ஆம் குறள் தொடங்குகிறது. கோபத்தில் எல்லை கடந்தவர்கள் செத்தவர்களுக்குச் சமம் என்பது பொருள். முதல் இறந்தார் எல்லை தாண்டியவர், இரண்டாவது இறந்தார் செத்தவர். அன்றைய வாசகருக்கு இரண்டும் ஒரே மூச்சில் புரிந்திருக்கிறது. இன்றைக்கு உரை இல்லாமல் அந்த வரி யாருக்கும் விளங்காது, ஏனென்றால் தாண்டுதல் என்ற பொருள் செத்துவிட்டது. இறந்த காலம் என்றால் செத்துப்போன காலம் என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது மற்ற எடுத்துக்காட்டுக்கு வருவோம். கால் கழுவுதல். இதுவும் பழைய மறைப்புதான், ஆனால் இன்றுவரை கூசவில்லை. காரணம் எளிது. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருகிற பிள்ளையிடம் "கால் கழுவிட்டு உள்ள வா" என்று அம்மா தினமும் சொல்கிறாள். கோயில் வாசலில் கழுவுகிறோம், சேற்றில் இறங்கிவிட்டு வந்து கழுவுகிறோம். அந்தத் தொடருக்கு வேறு நேர்மையான வேலை தினமும் இருக்கிறது. ஆகவே அதைக் கேட்கிறவருக்குப் பின்னால் இருக்கும் சங்கதி உடனே கண்ணில் தெரிவதில்லை.

மறைப்புச் சொல் எப்படி வேலை செய்கிறது என்பதே இதில் அடங்கியிருக்கிறது. ஏற்கெனவே வேறு வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு சொல்லைக் கூப்பிட்டு, கொஞ்சம் இதையும் சுமந்துகொள் என்கிறோம். கேட்கிறவர் ஊகித்துப் புரிந்துகொள்கிறார். ஊகம் என்ற அந்தச் சின்ன இடைவெளிதான் நாகரிகம். திரும்பத் திரும்பச் சொல்லும்போது ஊகிக்க வேண்டிய தேவை குறைகிறது. இதுவரை யாருக்கும் தெரியும். பலரும் கவனிக்காதது அடுத்த படி: அந்தச் சொல்லைப் பழைய, குற்றமற்ற பொருளில் சொல்கிறவர்கள் தயங்க ஆரம்பிக்கிறார்கள். சாவைச் சொல்கிறவருக்கு அந்தச் சொல்லால் ஆபத்து ஒன்றுமில்லை. தூக்கத்தைச் சொல்ல வந்தவருக்குத்தான் ஆபத்து, "ஐயோ, என்ன சொல்கிறாய்?" என்று கேட்டுவிடுவார்களே. ஆகவே அவர் வேறு சொல்லுக்கு நகர்ந்துவிடுகிறார். நேர்மையான வேலை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போக, சொல்லுக்கு மிஞ்சுவது அந்த ஒரே வேலை. அப்போது ஊகிக்க ஒன்றுமில்லை, அது நேர்ச்சொல். அடுத்த ஆளைத் தேட வேண்டியதுதான்.

இது எங்கள் வீட்டிலேயே ஒரு தடவை நடந்தது. மாமா ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாரா என்று கேட்க அத்தைக்குப் போன் செய்தேன். எடுத்தது பக்கத்து வீட்டுப் பையன். "மாமா போயிட்டாரு அண்ணா" என்றான். மாமாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது, போன மாதம்தான் நெஞ்சு வலி. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "எப்போ?" "ஆறு மணிக்கு. சாப்பாடு கட்டிக் குடுத்தாங்க." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வயதானவர்களைப் பற்றிப் "போயிட்டார்" என்று யாரும் சொல்வதில்லை. கிளம்பிட்டார், பஸ் ஏறிட்டார். போ என்ற, மொழியிலேயே மிக எளிய வினையைக்கூட இந்தப் பயம் ஓரமாக ஒதுக்குகிறது. "போறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வரேன்" என்று சொல்லும் வழக்கமும் இந்த வேலிக்குள் வந்ததுதான்.

கழிப்பிடத்துக்கு வருகிறேன். ட்ரெட்மில் இங்கேதான் வேகமாக ஓடுகிறது. கக்கூஸ் என்ற சொல் டச்சுக்காரர்கள் விட்டுப்போனது. அவர்கள் 1658இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்ச்சுகீசியர்களிடமிருந்து பிடித்தார்கள், இலங்கைக் கரையை 1796 வரை வைத்திருந்தார்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல் பச்சையானது, தமிழில் அப்படியே சொன்னால் பீ வீடு. ஆனால் நம் காதுக்கு அது பொருளற்ற அயல் ஒலி, அதனாலேயே நாசூக்கு. ஒருவர் மொழியின் கெட்ட வார்த்தை இன்னொருவர் மொழியில் மரியாதைச் சொல்லாக இறங்கியது. எங்கள் பாட்டி கடைசிவரை அதைத்தான் சொன்னார், எந்தக் கூச்சமும் இல்லாமல். இன்று அதே சொல்லை அலுவலகத்தில் சொல்ல முடியாது.

அயல் சொல்லுக்கு ஒரு பலம், ஒரு பலவீனம். நம் மொழியில் அதற்கு முன்வரலாறு இல்லை, எனவே முதல் நாள் பளிச்சென்று இருக்கும். ஆனால் அதே காரணத்தால் வேறு வேலையும் இல்லை. முதல் நாளிலிருந்தே ஒரே பொருளுக்கு மட்டும் கட்டுண்டு கிடப்பதால் சீக்கிரம் கறை பிடிக்கிறது. 'மோஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அசைவு, இயக்கம் என்று எத்தனையோ வேலை. நம் வார்டுகளில் "மோஷன் போனாரா?" என்பது மட்டும்தான். மாறாகக் கொல்லை என்ற நம் சொல்லைப் பாருங்கள். தஞ்சைப் பக்கம் கொல்லைக்குப் போவது என்றால் என்னவென்று தெரியும். வட மாவட்டங்களில் கொல்லை என்றால் கடலையும் கேழ்வரகும் போடும் மானாவாரி நிலம், அதில் வேலை தினமும் உண்டு. அங்கே "கொல்லைக்குப் போயிருக்கார்" என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

டாய்லெட்டின் சொந்த வரலாறும் இப்படித்தான். பிரெஞ்சில் அது சின்னத் துணி. அந்தத் துணி விரித்த ஒப்பனை மேசை, மேசையில் நடக்கும் அலங்காரம், அலங்காரம் செய்யும் அறை, கடைசியில் அறையில் இருக்கும் பீங்கான். தமிழ் வீட்டில் அது இன்னும் ஒரு படி இறங்கியிருக்கிறது. "டாய்லெட் வருதும்மா" என்று குழந்தை சொல்கிறது. வருவது அறை அல்ல. "பெட்லயே பாத்ரூம் போயிட்டான்" என்று தாய் புலம்புகிறாள், போன இடம் மெத்தை. இடத்தின் பெயர் செயலின் பெயராகி, செயலின் பெயர் பொருளின் பெயராகிவிட்டது. அந்த மூன்றாவது படியைத் தொட்டதும் சொல்லின் ஆயுள் முடிந்தது. நகரத்தில் எல்லோரும் வாஷ்ரூம், ரெஸ்ட் ரூம் என்று நகர்ந்துவிட்டதன் காரணம் இதுதான். எங்கள் பெரியப்பா ஒரு கல்யாண மண்டபத்தில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவர், "சார், ரெஸ்ட் ரூம் அந்தப் பக்கம்" என்று ஒரு பையன் சொன்னதை நம்பிப் படுக்கப் போனார். திரும்பி வந்து அந்தப் பையனைத் திட்டினார் பாருங்கள்.

சரி, பொருளின் மேல் கூச்சமே இல்லாவிட்டால்? தொல்காப்பியத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது. "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்று எச்சவியல் விதிக்கிறது, அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல். அடுத்த சூத்திரம் உடனே ஒரு விலக்குத் தருகிறது: "மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்." மறைக்கும்போதும், வழங்கிப் பழகிப்போனதை விலக்க வேண்டாம். உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று ஆப்பி. பிரித்தால் ஆ, பீ. மனிதருக்குச் சொன்னால் அவை முகம் சுளிக்கும் அதே சொல் பசுவோடு சேர்ந்து முழுசாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது, யாருக்கும் உறுத்தவில்லை. ஆட்டுப் பிழுக்கையும் அப்படியே. எனக்கு இது இந்தத் துறையின் மிக அழகான சோதனையாகத் தோன்றுகிறது. ஒலி ஒன்று, அர்த்தமும் கிட்டத்தட்ட ஒன்று. வித்தியாசம், ஒன்றால் வாசல் மெழுகுகிறோம், எரு தட்டுகிறோம், உரம் போடுகிறோம். இன்னொன்றை ஒளிக்கிறோம். சாணி என்ற சொல்லுக்கு ஒரு நாகரிகமான மாற்று வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. மனிதக் கழிவுக்கு மட்டும் வெளிக்கு, கொல்லைக்கு, ரெண்டுக்கு, மலம், மோஷன் என்று வரிசை நீள்கிறது.

கறை பொருளில் மட்டும் இருந்துவிட்டால் பரவாயில்லை. அதைத் தொடுகிற மனிதர்கள் மேலும் சாதி என்ற பெயரில் ஏற்றிவிட்டோம். இங்கே சொல் மாற்றம் வேறு மாதிரி வலிக்கிறது. தோட்டி என்ற சொல் வசவானதும் துப்புரவுப் பணியாளர் வந்தது. துப்புரவு என்றால் சுத்தம், அப்பழுக்கில்லாத சொல். அதுவும் சில பத்தாண்டில் கீழே விழுந்தது, 2020இல் தமிழ்நாட்டில் அரசு அதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. கவனியுங்கள், துப்புரவு என்பதும் தூய்மை என்பதும் ஒரே பொருள். சுத்தம் என்ற ஒரு சொல்லிலிருந்து சுத்தம் என்ற இன்னொரு சொல்லுக்கு மாறியிருக்கிறோம். முதல் சொல்லின் அர்த்தத்தில் கோளாறு இருந்திருந்தால் அல்லவா இரண்டாவது அதைச் சரிசெய்யும்? கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். இன்னமும் மலக்குழியில் இறங்கி மூச்சடைத்துச் சாகிற செய்தி வருகிறது. அந்தச் செய்தியில் மட்டும் பத்திரிகைகள் தவறாமல் தூய்மைப் பணியாளர் என்று எழுதுகின்றன. இதற்காகப் பழைய பெயரே போதும் என்று சொல்ல மாட்டேன். வசவாகிவிட்ட பெயரால் தினமும் அழைக்கப்படுகிறவருக்கு மாற்றம் உடனடி நிம்மதி. அதன் ஆயுள் குறைவு, அவ்வளவுதான்.

ஒரு சொல் விழுந்துகொண்டிருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம், நல்ல பொருளில் சொல்ல வேண்டுமானால் அதற்கு ஒரு காவலாள் தேவைப்படுவது. காரியம் என்றால் வேலை, செயல். செத்த வீட்டில் பதினாறாம் நாள் சடங்கைக் கூசாமல் சொல்ல அதைக் கூப்பிட்டோம். இன்று "எங்க வீட்ல வெள்ளிக்கிழமை ஒரு காரியம்" என்று மொட்டையாகச் சொன்னால் கேட்கிறவர் முகம் வாடும், யாருக்கு என்பார். அதனால் கல்யாணத்துக்கு 'நல்ல காரியம்', 'சுப காரியம்' என்று முன்னால் ஓர் ஆளை நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆனால் "காரியத்துல கண்ணாயிரு" என்று இன்னமும் சொல்கிறோம், கைகாரியம் என்கிறோம். ஆகவே காரியம் பாதி வழியில் நிற்கிறது.

நாற்றம் அந்த வழியை முடித்துவிட்டது. ஆண்டாள் பெருமாளின் வாயைப் பற்றி "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று சங்கிடம் கேட்டபோது நாறுதல் மணத்தல்தான். இன்று காவலாள் வைத்தாலும் மீட்க முடியாது. அதற்கு மாற்றாக வந்த 'ஸ்மெல்'லும் அதே பாதையில். "பிரிட்ஜ்ல ஏதோ ஸ்மெல் வருது" என்றால் மல்லிகைப்பூ என்று யார் நினைக்கிறார்கள்?

விழுந்து முடிந்தபின் கடைசி நிலை வசவு. இழவு என்பது இழப்பு, அவ்வளவுதான். இழந்தோம், இழவு. ஒரு வீட்டின் துயரத்தை அதைவிட மென்மையாகச் சொல்ல முடியாது. இன்று "என்ன எழவுடா இது?" என்று நெட்வொர்க் கிடைக்காத போனைத் திட்டுகிறோம். எழவு வீடு என்று சொல்ல முடியாமல் துக்க வீடு, தெற்கே கேதம், துட்டி. கேதம் என்றாலும் வருத்தம்தான், துக்கம் என்றாலும் வருத்தம்தான். மறுபடியும் ஒரே பொருளில் சுற்றுகிறோம்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் "செத்தவீட்டுக்குப் போறன்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். சென்னைக்காரர் காதுக்கு அது தூக்கிவாரிப் போடும். அங்கே அது கல்யாணவீடு போல ஒரு நிகழ்வின் பெயர். ஆளைப் பற்றிப் பேசும்போது அதே மனிதர் மோசம் போனார் என்று மறைத்துச் சொல்வார், பத்திரிகையில் மரண அறிவித்தல் என்று எழுதுவார். வீட்டுக்குப் போவது, ஆறுதல் சொல்வது, பந்தலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது எல்லாம் ஊரே சேர்ந்து செய்கிற காரியம், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆகவே பச்சைச் சொல் பச்சையாகவே நீடித்திருக்கிறது. தொல்காப்பியர் சொன்ன 'மரீஇயது' இதுதான் என்று நினைக்கிறேன்.

சொல் மட்டும்தான் இப்படிக் கறைபடும் என்றில்லை. மாதவிடாய்க்கு நம் வீடுகளில் தூரம், விலக்கு, வீட்டுக்குள்ள வரக்கூடாது, டேட், பீரியட்ஸ் என்று எத்தனை பெயர்கள் வந்துபோயின. நாப்கின் என்பது மேசையில் வாய் துடைக்கும் துணி. நம்மூரில் அது ஒரே பொருளாகிவிட்டதால் ஓட்டலில் "அண்ணா, நாப்கின்" என்று கேட்கப் பெண்கள் தயங்கி, டிஷ்யூ என்கிறார்கள். குற்றமற்ற பொருளில் சொல்கிறவர் தயங்கி விலகும் அந்தப் படி, நம் கண் முன்னால்.

எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் அதை முதலில் தினத்தாளில் சுற்றி, அப்புறம் கறுப்பு பாலிதீன் கவரில் போட்டுத் தருவார்கள். இருமல் மருந்துக்கு வெள்ளைக் கவர், பேபி பவுடருக்கு வெள்ளைக் கவர், இதற்கு மட்டும் கறுப்பு. யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக வந்த கறுப்புக் கவர், கையில் தூக்கிக்கொண்டு நடந்தால் தெருமுனை வரை எல்லோருக்கும் சேதி சொல்லியது. என் தங்கை கல்லூரிக்குப் போகும் காலத்தில் அந்தக் கவரை மறைக்க இன்னொரு பை எடுத்துப் போவாள். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை வந்தது. கடைக்காரர் கறுப்புக் கவரை நிறுத்திவிட்டு காக்கிக் காகித உறைக்கு மாறினார். மாத்திரை, இருமல் மருந்து, பேன் சீப்பு எல்லாவற்றையும் அதே காக்கி உறையில்தான் போடுகிறார். அதனால் இதுவரை அது எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.